குட்டி யானை யாருக்குச் சொந்தம்?

திண்டுக்கல் பைபாஸில் ஏதாவது ஒரு டீக்கடை ஓரமாகப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். போகிற வருகிற லோடு வண்டிகளின் முதுகில் ஒரு தனி இலக்கியமே ஓடிக்கொண்டிருக்கும். 'அம்மாவின் ஆசி', 'உழைப்பே துணை', கீழே மூன்று குழந்தைகளின் பெயர், அதற்கும் கீழே 'பொறாமை வேண்டாம் நண்பா' என்று உபதேசம்! எல்லாம் கொட்டை எழுத்தில். கதவின் அடியில், சேறு தெறிக்கிற இடமாகப் பார்த்து, பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். 'ஹெச்.பி. டு...' என்று ஆரம்பித்து ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர். வண்டிக்காரர் முதுகைப் படிக்கிறார். கோர்ட்டு அந்தச் சேறு படிந்த வரியைத்தான் படிக்கும்.

நான் பி.காம். எங்கள் ஊரில் பி.காம். படித்தவனிடம் இரண்டே விஷயம்தான் எதிர்பார்ப்பார்கள். ஒன்று, நிரந்தரமாக வேலையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு, ஆங்கிலத்தில் வருகிற எந்தக் காகிதத்தையும் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும். பத்திரிகைக்கு எழுதுவதை யாரும் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை என்பதால், இரண்டையும் குறைவில்லாமல் செய்து வருகிறேன்.

அப்படித்தான் எங்கள் தெருவில் குட்டி யானை ஓட்டும் அண்ணன் ஒரு மஞ்சப்பையோடு வந்து சேர்ந்தார். (பெயர் வேண்டாம். பேர் போட்டால் வீடு மாற்றும்போது சாமான் ஏற்ற வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.) ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி, சிறுமலை வாழைத்தார், சீசனில் அய்யலூர் தக்காளி... கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு மதுரை வரைக்கும் போகிறவர். ஒரே வண்டி, ஒரே டிரைவர். இரண்டும் அவர்தான்!

"தம்பி, ரெண்டு மூணு மாசமா சரியான லோடு இல்ல. நடுவுல இன்ஜின் வேலை வேற வச்சிருச்சு. மூணு டியூ நின்னுபோச்சு. இந்தக் கடுதாசி வந்திருக்கு. என் வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன்னு எழுதிருக்கான். என் வண்டிய எடுக்க அவன் யாருப்பா?"

நியாயமான கேள்வி. பையைக் கவிழ்த்தேன். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எஃப்.சி., ஒரு முருகன் படம், நாலாக மடித்த நோட்டீஸ் எல்லாம் விழுந்தன. விழ வேண்டிய ஒன்று விழவில்லை.

"அக்ரிமெண்ட் எங்கண்ணே?"

"அது கம்பெனியிலதான இருக்கும்?"

முதல் கோளாறு இங்கேதான். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலை, அதில் சொல்லியிருக்கிற இணைப்புகளோடு சேர்த்து, பணம் கொடுக்கும்போதே வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது பைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் விதி. அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டோம். இரண்டு நாள் கழித்து நகல் வந்தது. ஆங்கிலத்தில் முப்பது பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அண்ணனின் கையெழுத்து, தமிழில், ஓட்டுக் கேட்டு வந்தவருக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி தாராளமாக!

தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. 'ஹையர் பர்ச்சேஸ்.' காலேஜில் எங்களுக்கு இதற்கு 'வாடகைக் கொள்முதல்' என்று தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தமிழில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் பாதி வாடகை. பின் பாதிதான் கொள்முதல். வண்டியைப் பைனான்ஸ்காரர் வாங்குகிறார். உங்களிடம் வாடகைக்கு விடுகிறார். மாதா மாதம் கட்டுவது வாடகை. கடைசி டியூவையும் கட்டி முடித்த பிறகு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற ஒரு சின்னத் தொகைக்கு, 'சரி, நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு வருகிறது. அதுவரைக்கும் நீங்கள் வாடகைக்காரர். நடுவில் வேண்டாம் என்றால் பாக்கியைத் தீர்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும் செய்யலாம். வாடகை என்றால் அப்படித்தானே?

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப ஒரு லட்சம் முன்பணம் கட்டுனது?"

"அதுவும் ஒப்பந்தப்படி வாடகைக் கணக்குலதாண்ணே சேரும்."

"ஆர்.சி.ல எம் பேருதான இருக்கு?"

இருக்கிறது. அதுதான் வேடிக்கை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ல் 'ஓனர்' என்றால் யார் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. வாடகைக் கொள்முதலில் இருக்கிற வண்டிக்கு, அதைக் கையில் வைத்து ஓட்டுகிறவரே ஓனர். அதனால் ரோடு டாக்ஸ் கட்டுவது, எஃப்.சி. காட்டுவது, ஓவர்லோடு அபராதம், யாரையாவது இடித்தால் வருகிற கேஸ் எல்லாம் அண்ணன் தலையில். அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயரும் ஏறிவிடுகிறது. அந்தப் பெயர் இருக்கிற வரையில் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஆக, டியூ கட்டும்போது வாடகைக்காரர். அபராதம் கட்டும்போது ஓனர்!

இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. எல்லோரும் ஹெச்.பி. என்று சொன்னாலும் இன்றைக்குப் போடுகிற ஒப்பந்தங்களில் ஏராளமானவை உள்ளே புரட்டிப் பார்த்தால் 'கடன், ஹைபாதிகேஷன்' என்று இருக்கும். அதில் வண்டி உங்களுடையது, கம்பெனிக்கு அதன் மேல் ஈட்டு உரிமை மட்டுமே. தலைப்பை மட்டும் பார்த்து எது எது என்று முடிவு கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே, சென்னையைச் சேர்ந்த சுந்தரம் பைனான்ஸுக்கும் கேரள அரசுக்கும் நடந்த விற்பனை வரி வழக்கில் சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளரே வண்டியைப் பார்த்து, விலை பேசி, வாங்கி, பாக்கிப் பணத்துக்காக மட்டும் கம்பெனியிடம் வந்து ஹெச்.பி. பத்திரம் எழுதிக் கொடுத்தால், சாராம்சத்தில் அது கடன்தான் என்பது தீர்ப்பு. ஹெச்.பி.க்கென்று பாராளுமன்றம் 1972-ல் ஒரு சட்டம் போட்டது. கடைசி வரை அமலுக்கு வராமலே இருந்து, 2005-ல் அது ரத்தாகிப் போனது. பெயர் வைத்துத் தொட்டிலில் போட்ட பிள்ளையை எழுப்பவே இல்லை. ஆகவே, இரண்டு பேருக்கும் வேதம் அந்த முப்பது சொச்சம் பக்கங்கள்தான்.

சரி, பணத்துக்கு வருவோம்.

பழைய குட்டி யானை. விலை 4,60,000 ரூபாய். அண்ணன் கட்டியது ஒரு லட்சம். பைனான்ஸ் 3,60,000. "பத்து பர்சண்ட் வட்டி, மூணு வருஷம், மாசம் 13,000" என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்கு ஒத்துப்போகிறது. வருஷத்துக்கு 36,000 வீதம் மூன்று வருஷத்துக்கு வட்டி 1,08,000. அசலோடு சேர்த்தால் 4,68,000. அதை 36-ஆல் வகுத்தால் நெற்றியில் அடித்த மாதிரி 13,000.

ஆனால் இது பத்து சதவீத வட்டி இல்லை.

"அண்ணே, நீங்க ஒருத்தர்கிட்ட 36 தக்காளிப் பெட்டி வாடகைக்கு எடுக்குறீங்க. மாசம் ஒரு பெட்டியத் திருப்பிக் குடுத்துர்றீங்க. கடைசி மாசம் உங்க கையில எத்தனை பெட்டி இருக்கும்?"

"ஒண்ணு."

"அந்த மாசமும் 36 பெட்டிக்கும் வாடகை கேட்டா குடுப்பீங்களா?"

"செருப்பு பிஞ்சிரும்."

"அதத்தான் இப்பக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க."

அண்ணன் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறார். வட்டியோ மூன்று வருஷமும் முழு 3,60,000-க்கும் போடப்பட்டிருக்கிறது. இதற்குத்தான் 'ஃப்ளாட்' வட்டி என்று பெயர். பாக்கி நிற்கிற அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 13,000 ரூபாய் டியூவுக்கு என்ன விகிதம் வரும் என்று போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு ஏறக்குறைய 18 சதவீதம். மாசம் ஒன்றரை!

இதைச் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒன்றரை வட்டியா? அப்படிச் சொல்ல வேண்டியதுதானய்யா முன்னாடியே! பத்து பர்சண்ட், பத்து பர்சண்ட்டுன்னு..." சதவீதம் புரியாத ஊர் என்று எங்களை யாரும் நினைக்க வேண்டாம். 'ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, ரெண்டு வட்டி' என்று நூற்றுக்கு மாசம் எத்தனை ரூபாய் என்பதில் பத்தாம் வகுப்பு தாண்டாதவர்கூட எனக்குப் பாடம் எடுப்பார். அந்த மொழியில் எந்தக் கம்பெனியும் பேசுவதில்லை என்பதுதான் சங்கதி.

உண்மையில் இந்த விவரம் அவர் கையெழுத்துப் போட்ட கட்டிலேயே இருந்தது. முதலில் ஒரு தனித் தாள். 'முக்கிய விவரத் தாள்' என்று பெயர். தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கிற புதுக் கடன்களுக்கு, 2024 அக்டோபர் 1 முதல் இப்படியொரு தாளைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் 'ஏ.பி.ஆர்.' என்று ஒரு கட்டம் உண்டு. டாகுமெண்ட் சார்ஜ், இன்ஷூரன்ஸ், அது இது என்று பிடித்துக்கொண்ட எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் என்ன விகிதம் ஆகிறது என்று காட்டுகிற கட்டம். அண்ணனுக்கு ஆரம்பத்திலேயே 9,000 பிடித்திருந்தார்கள். கையில் வந்தது 3,51,000தான். டியூ மட்டும் அதே 13,000. கட்டத்தில் 19.75 என்று அச்சடித்திருந்தது. வாயால் சொன்னது பத்து. அச்சில் இருந்தது கிட்டத்தட்ட இருபது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் விரல் வைத்துப் பார்த்துவிட்டால் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட பி.காம்.காரன் தேவையில்லை. (என் பிழைப்பில் மண்!)

ஒன்றரை வட்டி என்றால் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓடித் தேய்ந்த வண்டிக்கு, சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு, மூன்று வருஷத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பாங்க்கில் ஏறி இறங்கிவிட்டுத்தான் அண்ணன் இங்கே வந்தார். விலை தெரிந்து வாங்குகிறாரா என்பதுதான் என் கவலை. ஏனென்றால் இந்த வட்டிக் கணக்கு, வண்டி கையை விட்டுப் போகும்போது இன்னொரு ரூபத்தில் திரும்பி வரும்.

அண்ணன் கட்டியிருப்பது 14 டியூ. அதாவது 1,82,000 ரூபாய். "பாதி அடைச்சாச்சு தம்பி" என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதல் டியூ 13,000-ல் வட்டி மட்டும் ஏறக்குறைய 5,400. கடைசி டியூவில் வட்டி 200 ரூபாய்கூட இருக்காது. முன்னால் கட்டுகிற டியூக்கள் வட்டியைத்தான் அதிகம் தின்கின்றன. அதனால் 14 டியூ கட்டியும் அசலில் கழிந்தது ஏறக்குறைய 1,18,000தான். பாக்கி அசல் 2,42,000.

இப்போது வண்டியைக் கம்பெனி எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் இதற்கு 'சீசிங்' என்று பெயர். அதைச் செய்ய வருகிறவர் 'சீசர்'. (ரோமாபுரி சீசர் பரவாயில்லை, வந்தேன், கண்டேன் என்றாவது சொன்னார். இவர் வருவதும் தெரியாது, கண்டதும் தெரியாது.) பாக்கி அசல் 2,42,000. நின்றுபோன மூன்று மாதத்துக்கு வட்டி சுமார் 11,000. சீசிங் கூலி, யார்டு வாடகை என்று ஒரு 20,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,73,000. ஏலத்தில் வண்டி இரண்டு லட்சத்துக்குப் போகிறது. யார்டில் நிற்கிற வண்டிக்கு யாரும் சந்தை விலை தரமாட்டார்கள். வண்டியும் போய், 73,000 ரூபாய் கடனும் மிச்சம்!

"வண்டியத்தான் எடுத்துக்கிட்டானே, அப்புறம் என்ன கடன்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அண்ணனும் கேட்டார். ஏலத்தில் குறைந்ததை வாடகைக்காரர் ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் ஜாமீன் போட்டவரைக் கேட்கலாம். அண்ணனை முதலில் துரத்திப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்றுகூட இல்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கடனாளி அளவுக்கு ஜாமீன்தாரரும் பொறுப்பு என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம்.

ஜாமீன் போட்டிருப்பவர் அண்ணனின் மச்சான். சின்னாளபட்டியில் தறிக்காரர். அதுவரை தெம்பாகப் பேசிக்கொண்டிருந்த அண்ணன் இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்தினார். "அவன் என்னய நம்பிப் போட்டான்யா. வீட்டுல இவ வேற..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் முருகன் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. டியூ நின்றால் பாக்கி எல்லா டியூக்களும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும் என்று ஒரு ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். பாக்கி 22 டியூ. பெருக்கினால் 2,86,000. பாக்கி அசலும் மூன்று மாத வட்டியுமாக நாம் போட்டது 2,53,000. நடுவில் இருக்கிற 33,000 ரூபாய், இன்னும் வராத மாதங்களுக்கான வட்டி. வண்டியும் கையில் இல்லை, பணமும் திரும்பக் கேட்டாகிவிட்டது. அப்புறம் வராத மாதத்துக்கு எதற்கு வட்டி? கணக்குத் தீர்க்கும்போது 'இனி வரவேண்டிய வட்டியைக் கழித்தீர்களா?' என்று எழுதிக் கேட்க வேண்டும். முன்கூட்டியே கடனை முடிக்கிறவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்டால் மட்டுமே கழிகிற இனம் இது.

பாக்கித் தொகைக்கு மேலே 'பீனல்' என்று ஒன்று போடுவார்களே, அதற்கும் 2024-லிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. தாமதத்துக்குத் தண்டமாக ஒரு கட்டணம் போடலாம். ஆனால் அதை வட்டி மாதிரி விகிதத்தில் ஏற்றக் கூடாது. அசலோடு சேர்த்து அதற்கு மேல் வட்டி வாங்கவும் கூடாது. அண்ணனின் கணக்குத் தாளில் பீனல், அடுத்த மாதம் அந்தப் பீனலுக்கும் சேர்த்து ஒரு தொகை என்று குட்டி போட்டிருந்தது. கிளையில் காட்டினோம். மேனேஜர் நல்ல மனிதர், கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கழித்துக் கொடுத்தார்.

இப்போது அண்ணனின் முதல் கேள்விக்கு வருகிறேன். அவன் யார் வண்டியை எடுக்க?

உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு பக்கமும் பதில் சொல்லியிருக்கிறது. டியூ கட்டாதவர் வண்டியை, ஒப்பந்தம் கொடுத்த அதிகாரப்படி பைனான்ஸ்காரர் எடுத்தால் அது திருட்டு ஆகாது. போலீசில் திருட்டுப் புகார் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அதே நேரம், அடியாட்களை வைத்துப் பிடுங்கக் கூடாது என்று ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரகாஷ் கவுர் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2007-ல் கண்டித்துச் சொன்னது. ஹெச்.பி.யாகவே இருந்தாலும் பலாத்காரமாக எடுக்க முடியாது, சட்ட முறைப்படிதான் எடுக்க வேண்டும் என்று 2011-ல் மறுபடி சொன்னது. அப்புறம் 2020-ல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கு வந்தது. ஒரு ஜீப்புக்கு 35 டியூவில் 7 மட்டும் கட்டியவர் தொடர்ந்த வழக்கு. ஹெச்.பி.யில் எல்லாத் தவணையும் முடிகிற வரை வண்டிக்குச் சொந்தக்காரர் பைனான்ஸ்காரர்தான் என்று கோர்ட் தெளிவாகச் சொன்னது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின்படி நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அந்தக் குறைக்காக 15,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. வண்டி போனால் கிடைக்கிற நஷ்ட ஈட்டின் அளவைப் பாருங்கள். அதனால்தான் வண்டி கையில் இருக்கும்போதே ஒப்பந்தத்தைப் படி என்கிறேன்.

எந்தப் பக்கத்தைப் படிப்பது? அட்டையிலிருந்து ஆரம்பித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். நேராக 'ரீபொசஷன்' என்கிற ஷரத்துக்குப் போக வேண்டும். அதில் என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்று பைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சந்தர்ப்பத்தில் நோட்டீஸே இல்லாமல் எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள், ஏலம் போடுவதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்போது, கட்டினால் வண்டி எப்படித் திரும்பி வரும், ஏலம் எப்படி நடக்கும். அண்ணனின் ஒப்பந்தத்தில் 15 நாள் நோட்டீஸ் என்று இருந்தது. கடுதாசி வந்து அன்றைக்கு ஆறாவது நாள். வண்டியை ஒளித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் நோட்டீஸ் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது.

"ஐயையோ! நத்தத்துல சித்தப்பா தோப்புல நிறுத்திரலாம்னு இருந்தேனே!"

அந்த யோசனையைச் சித்தப்பாவுக்குச் சொல்வதற்கு முன்னால் ஒப்பந்தம் வந்தது முருகன் செயல்.

ஒருவேளை எடுக்க வந்தே விட்டால் என்ன செய்வது என்றும் அண்ணன் கேட்டார். வருகிறவரின் அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. மிரட்டினால் உடனே போலீசைக் கூப்பிடலாம். கைகலப்பில் நாம் இறங்கக் கூடாது. கடிதம் சரியாக இருந்து கொடுப்பதென்று முடிவானால், வண்டியில் இருக்கிற லோடு அடுத்தவர் சரக்கு, அதை இறக்கிவிட வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, தார்ப்பாய், கயிறு என்று ஒன்று விடாமல் எழுதி, டயரின் நிலைமையையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். யார்டில் ஸ்டெப்னி கால் முளைத்துப் போய்விட்டது என்று பிற்பாடு அழுவதற்கு ஆதாரம் வேண்டுமே! போனில் கூப்பிட்டு வசூல் பண்ணுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது என்பதையும் அண்ணனின் சம்சாரத்திடம் சொல்லி வைத்தேன். போனை எடுப்பவர் அவர்தான். கம்பெனியிடம் எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in என்ற முகவரியில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், காசும் வேண்டாம்.

கட்டில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. படிவம் 29, படிவம் 30. வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்கான ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவங்கள். எதுவுமே நிரப்பாமல் அடியில் அண்ணனின் கையெழுத்து மட்டும்! முறைப்படி பார்த்தால், எடுத்த வண்டிக்குத் தன் பெயரில் புது ஆர்.சி. வேண்டும் என்று பைனான்ஸ்காரர் படிவம் 36-ல் மனுச் செய்ய வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து அண்ணனுக்குப் பதிவுத் தபால் வரும். அவர் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து இருந்தால் இந்தச் சுற்றே தேவையில்லை. அண்ணன் தானே மனமுவந்து விற்ற மாதிரி ஆகிவிடும். ஒப்பந்தம் போடுகிற அன்றைக்கு, "இங்க, இங்க, இங்க" என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டுத் தரும் இடங்களில் எழுத்தில்லாத காகிதம் வந்தால் பேனாவை மூடி வைப்பது உத்தமம்.

ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அண்ணியின் செயின் அடகுக்குப் போனது. நகைக்கடன் வட்டி ஒன்றரை வட்டியைவிடக் குறைவு என்று அண்ணி கணக்குப் பார்த்துத்தான் கழற்றிக் கொடுத்தார். எனக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு டியூ 26,000 கட்டினோம். மூன்றாவதை இரண்டு மாதத்தில் பிரித்துக் கட்டுவதாக ஒரு கடிதம். கிளையில் "சரி, சரி, போங்க" என்றார்கள். போகவில்லை. 'பெற்றுக்கொண்டோம்' என்று நகலில் சீலும் தேதியும் விழுந்த பிறகுதான் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். நோட்டீஸை நிறுத்தி வைத்திருப்பதாக நாலு நாள் கழித்து எழுத்திலும் வந்தது.

திரும்பும் வழியில் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "இன்னும் இருபதுதான் தம்பி. முப்பத்தாறாவது டியூவக் கட்டிட்டா வண்டி எனக்கு!"

"இல்லண்ணே. அதுக்கப்புறமும் ஒண்ணு இருக்கு."

கடைசி டியூ கட்டியதும் வண்டி தானாக உங்கள் பெயருக்குச் சுத்தமாகிவிடாது. வாங்கும் உரிமைக்கு எழுதியிருக்கிற அந்தச் சின்னத் தொகையைக் கட்டி ரசீது வாங்க வேண்டும். கம்பெனி ஒரு என்.ஓ.சி.யும், ஒப்பந்தம் முடிந்தது என்று படிவம் 35-ல் கையெழுத்தும் கொடுக்க வேண்டும். அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து ஆர்.சி.யில் ஹெச்.பி. கேன்சல் பண்ண வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் கம்பெனி பெயர் இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மொத்தமாக நொறுங்கிப் போனால் நஷ்ட ஈட்டுச் செக் பழைய பைனான்ஸ் கம்பெனியைத் தேடிப் போகும். வேடசந்தூர்ப் பக்கம் ஒருவர் கடனை முடித்து ஏழு வருஷம் கழித்து வண்டியை விற்கப் போனார். ஆர்.சி.யில் கம்பெனி பெயர் அப்படியே இருக்கிறது. கம்பெனிதான் இல்லை, இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கையெழுத்துப் போட ஆள் தேடி இன்னமும் அலைந்துகொண்டிருக்கிறார்.

அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஆர்.சி. உறையின் மேல் '35' என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டார். "ரெண்டு காப்பி வாங்கணுமா, ஒண்ணு போதுமா?" என்று கேட்டார்.

"ரெண்டுண்ணே."

பக்கத்தில் '2' என்றும் எழுதிக்கொண்டார்.